மாதம் நாலு பதிவு: தேடல், எழுத்து, திருத்தம், நேரம் குறித்தல் எல்லாவற்றையும் தனித்தனி அமர்வாகப் பிரித்தும் தடுமாறுகிறேன்

ஏரிக்கரை · ஞாயிறு, இரவு 9.10

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக ஏரிகளைப் பற்றி வலைப்பதிவு எழுதுகிறேன். தண்ணீர் திறக்கும் மதகு, நிரம்பியது வழியும் கலிங்கு, ஏரிக்குள் இருக்கும் குமிழித்தூம்பு, ஏரி பற்றிய கல்வெட்டுகள், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஊர் நீர்க்கட்டிகளின் பேச்சு, இவைதான் என் விஷயம். வாரம் ஒரு பதிவு, வெள்ளி காலை 7 மணிக்கு.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் தேடுவது, எழுதுவது, திருத்துவது, போடுவது எல்லாம் ஒரே மூச்சில் நடக்கும். ஆறு மணி நேரம் போய்விடும். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டார்கள், ஞாயிறு முழுக்க அறைக்குள் அடைந்து கிடப்பது இனி முடியாது. அதனால் இரண்டு மாதமாக வேலையைப் பிரித்துப் பார்க்கிறேன். எங்களுக்கு இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை. இரண்டாவது சனி முழுக்க தேடல், நான்காவது சனி முழுக்க நாலு பதிவையும் எழுதுவது, மறுநாள் திருத்தி நேரம் குறித்துவிடுவது என்று திட்டம்.

இரண்டு இடத்தில் உடைகிறது. முதலாவது, எழுத உட்காரும்போது என் குறிப்பே எனக்குப் புரிவதில்லை. போன மாதம் உத்திரமேரூர் ஏரி வாரியம், அதாவது ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊர்ச் சபை வைத்த சோழர் காலக் குழு, பற்றிய பதிவு. ஒரு தாளில் "வயது 35–70, கால் வேலி, ஏரி வாரியம் 6 பேர்" என்று இருக்கிறது. இன்னொரு தாளில் "30–60" என்று இருக்கிறது. எது சரி என்று தெரியாமல் மறுபடி புத்தகத்தைத் தூக்கினேன். இரண்டும் சரிதான்: முதலாம் பராந்தகன் காலத்தில் அடுத்தடுத்து இரண்டு கல்வெட்டு, 919-இல் ஒன்று, 921-இல் ஒன்று. முதலில் 30–60 என்று வைத்ததை இரண்டு வருடம் கழித்து 35–70 என்று மாற்றியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிப்பதற்குள் எழுத வைத்திருந்த நேரத்தில் ஒன்றரை மணி போய்விட்டது. நாலு பதிவு எழுத நினைத்த அன்று இரண்டுதான் முடிந்தது.

இரண்டாவது, நேரம் குறித்த பதிவு வெளிவராமல் நின்றுவிடுகிறது. வேர்ட்பிரஸ் பட்டியலில் Missed schedule என்று சிவப்பில் காட்டுகிறது.

இப்படிப் பிரித்து எழுதுகிறவர்கள் இருந்தால் எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

வடுமாங்காய் · ஞாயிறு, இரவு 9.42

தம்பி, நாலு பதிவையும் ஒரே நாளில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படிப் போட்டேன். முதல் சமையல் குறிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், மற்ற மூன்றும் அனாதையாகக் கிடக்கும். வாரம் ஒன்று போடுங்கள்.

ஏரிக்கரை · ஞாயிறு, இரவு 9.50

அக்கா, வாரம் ஒன்றுதான் போடுகிறேன். எழுதி வைப்பதைத்தான் மொத்தமாகச் செய்ய நினைக்கிறேன்.

துள்ளல் · ஞாயிறு, இரவு 10.15

நேரப் பிரச்சினைக்கு மருந்து எளிது. வேர்ட்பிரஸில் Settings → General → Timezone போய்ப் பாருங்கள். புதிதாக நிறுவும்போது அது UTC-இல் இருக்கும். நீங்கள் காலை 7 என்று குறித்தால் நம்ம ஊரில் மதியம் 12.30-க்குத்தான் வரும். Kolkata என்று மாற்றுங்கள், சரியாகிவிடும்.

அடுத்து, திருத்தத்தை ஏன் இன்னொரு நாளுக்குத் தள்ளுகிறீர்கள்? எழுதி முடித்த சூட்டோடு திருத்துவதுதான் நல்லது. என்ன சொல்ல நினைத்தோம் என்பது மனதில் இருக்கும்போதே சரிசெய்துவிடலாம். ஆறிவிட்டால் நமக்கே அந்நியமாகிவிடும். நான் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே இப்படித்தான் எழுதுகிறேன்.

திருத்துமேசை · ஞாயிறு, இரவு 11.05

ஏரிக்கரை தம்பிக்கு வணக்கம். ஒரு வார இதழில் 27 வருடம் துணையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தீபாவளி மலருக்கு ஆடியிலேயே கட்டுரை வாங்கி, ஆவணியில் திருத்தி, புரட்டாசியில் அச்சுக்கு அனுப்பிப் பழகியவர்கள் நாங்கள். பிரித்துச் செய்வதன் கஷ்டம் எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் எழுத்து அமர்வு உடைந்ததற்குக் காரணம் உங்கள் தேடல் அமர்வு முடியாததுதான். புத்தகத்தை மூடிய இடத்தில் தேடல் முடிந்தது என்று நினைத்திருக்கிறீர்கள். அங்கே பாதிதான் முடிந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்தபோது குறிப்பு எப்படி இருந்தாலும் ஓடியது, ஏனென்றால் மிச்சம் உங்கள் தலையில் இருந்தது. இடையில் இரண்டு வாரம் விழுந்துவிட்டால் தலையில் எதுவும் இருக்காது. அந்தக் குறிப்பை எடுத்துப் படிக்கப் போகிறவர் வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

நான் வைத்திருந்த வழக்கம் இது. ஒரு அட்டையில் ஒரு விஷயம்தான். அந்த விஷயம் முழு வாக்கியமாக இருக்க வேண்டும், எழுவாய், பயனிலை, வருடம் எல்லாம் சேர்ந்து. கீழே எந்த நூல், எத்தனையாவது பக்கம். நூலில் இருப்பதை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி, என் சொல்லில் எழுதினால் குறி கிடையாது. உங்கள் தாளில் இருந்ததை அட்டையில் இப்படி எழுதியிருப்பேன்:

"919-ஆம் ஆண்டுக் கல்வெட்டு (பராந்தகன் 12-ஆம் ஆட்சியாண்டு): வாரிய உறுப்பினர் வயது 30-க்கு மேல், 60-க்குள். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு (14-ஆம் ஆட்சியாண்டு) இதையே 35-க்கு மேல், 70-க்குள் என்று மாற்றுகிறது. பக்கம் —."

எழுத ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் மிச்சம். இன்னொன்றையும் பாருங்கள்: அட்டையை முழு வாக்கியமாக எழுதும்போதே "ஏன் மாற்றினார்கள்?" என்ற கேள்வி தானாக வந்து நிற்கிறது. பதிவின் உயிரே அதுதான். "35–70" என்ற எண்ணைப் பார்த்தால் அந்தக் கேள்வி வராது.

தேடல் அமர்வின் கடைசி அரை மணி நேரத்தில் புதிதாக எதையும் படிக்காதீர்கள். அன்று எடுத்த அட்டைகளைப் பதிவுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு வெற்று அட்டை வையுங்கள். அதில் இரண்டு வரி போதும். இந்தப் பதிவு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது ஒரு வரி. எந்த இடத்தில் ஆரம்பிக்கப் போகிறேன் என்பது இன்னொரு வரி. இந்த இரண்டு வரியையும் எழுத முடியவில்லை என்றால் அந்தப் பதிவுக்குத் தேடல் போதவில்லை என்று பொருள். அதை இந்த மாதப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். எழுதும் நாளில் தெரிவதைவிட அன்றே தெரிவது நல்லது.

கோவை_சர்வர் · திங்கள், காலை 6.30

Missed schedule பற்றி மட்டும் சொல்கிறேன், என் பிழைப்பு அதுதான்.

துள்ளல் சொன்ன நேர மண்டல விஷயம் உண்மை. ஆனால் அது தவறாக இருந்தால் பதிவு தாமதமாக வருமே தவிர Missed schedule என்று காட்டாது. ஏரிக்கரை, உங்கள் தளத்தில் அது ஏற்கெனவே Kolkata-வில் இருக்கிறதா? பதிவு கடைசியில் எப்படி வெளியானது, நீங்களே பொத்தானை அழுத்தினீர்களா?

ஏரிக்கரை · திங்கள், மதியம் 1.20

Kolkata-வில்தான் இருக்கிறது. போன வெள்ளி 9.40-க்கு வேலைக்கு நடுவே கைப்பேசியில் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். சிவப்பில் Missed schedule இருந்தது. என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டே பக்கத்தைப் புதுப்பித்தேன், Published என்று மாறிவிட்டது. நான் எதையும் அழுத்தவில்லை.

கோவை_சர்வர் · திங்கள், இரவு 8.45

அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. வேர்ட்பிரஸுக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் "குறித்த நேரம் தாண்டிய வேலை ஏதாவது இருக்கிறதா" என்று அது எட்டிப் பார்க்கும். உங்கள் தளத்துக்கு 7 மணிக்கு ஆள் வரவில்லை. 9.40 வரை வரவில்லை. நீங்கள் போய்ப் பார்த்ததே அதைக் கிளப்பிவிட்டது. வந்தவர்கள் இருந்தாலும்கூட, பக்கங்களைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் கேஷ் செருகுநிரல் இருந்தால் PHP ஓடாமலேயே பக்கம் போய்விடும், வேலையும் நடக்காது.

தீர்வு, வருகையை நம்பாமல் சர்வரின் கடிகாரத்தை வைத்தே அதை எழுப்புவது. wp-config.php கோப்பில், "That's all, stop editing" என்ற வரிக்கு மேலே இதைச் சேருங்கள்:

```php
define( 'DISABLE_WP_CRON', true );
```

பிறகு ஹோஸ்டிங் பலகையில் Cron Jobs என்ற இடத்தில் உங்கள் முகவரியைப் போட்டு இதைச் சேருங்கள்:

```
*/10 * * * * wget -q -O /dev/null "https://example.com/wp-cron.php?doing_wp_cron"
```

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டும். 7 மணிப் பதிவு அதிகபட்சம் 7.10-க்குள் வந்துவிடும். முதல் வரியைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்தால் எந்தப் பதிவுமே வெளிவராது, அதனால் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யுங்கள். முடித்ததும் ஒரு சோதனைப் பதிவை 15 நிமிடம் கழித்து வருமாறு குறித்துவிட்டு அரை மணி கழித்துத் திறங்கள். இப்போது உங்கள் வருகை அதைக் கிளப்பாது. Published என்று இருந்தால் சர்வர்தான் செய்திருக்கிறது என்று உறுதி.

நேரம் குறிக்கும் அமர்வில் இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ்த் தலைப்பில் இருந்து வேர்ட்பிரஸ் தானாக உண்டாக்கும் முகவரி 200 குறியோடு வெட்டப்படும். தமிழில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு துணைக்குறியும் தனித்தனியே %E0%AE%95 போல ஒன்பது குறி எடுத்துக்கொள்ளும். புள்ளி, கால், கொம்பு எல்லாம் கணக்கில் சேர்த்தால் 22 வந்ததும் நின்றுவிடும். "உத்திரமேரூர்" என்ற ஒரு சொல்லுக்கே 12 போய்விடும். நாலு பதிவின் தலைப்பும் ஒரே மாதிரி ஆரம்பித்தால் முகவரியும் ஒன்றாகி, பின்னால் -2, -3 என்று ஒட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதித் திரை முழுக்க % ஆக இருக்கும். முகவரியை மட்டும் `eri-variyam` என்பது போல நீங்களே சின்னதாக அடித்துவிடுங்கள். வெளியான பிறகு மாற்றினால் பழைய இணைப்புகளை நம்பியிருப்பவர்களுக்குச் சிக்கல் வரலாம், அதனால் முன்பே செய்வது நல்லது.

துள்ளல் · திங்கள், இரவு 9.30

அந்த வருகை விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. என் தளத்துக்கு மாணவர்கள் எந்நேரமும் வருவதால் எனக்கு அது நடந்ததே இல்லை போலிருக்கிறது.

திருத்தம் பற்றி நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

திருத்துமேசை · செவ்வாய், காலை 10.20

துள்ளல், நீங்கள் சொன்னதில் பாதியை நானும் ஒப்புக்கொள்வேன். பத்தி வரிசை தவறிவிட்டது, முக்கியமான விஷயம் கடைசிக்குப் போய்விட்டது என்பதெல்லாம் சூட்டோடு பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். எழுதி முடித்ததும் பத்து நிமிடம் அதற்குக் கொடுக்கலாம்.

ஆனால் விட்டுப்போன சொல், எழுத்துப் பிழை, தவறான வருடம் இவையெல்லாம் அன்று கண்ணில் படாது. நாம் திரையில் இருப்பதைப் படிப்பதில்லை, மனதில் இருப்பதைத்தான் படிக்கிறோம். "921" என்று எழுத நினைத்து "912" என்று அடித்திருந்தால் அன்று பத்து தடவை படித்தாலும் 921 என்றுதான் கண்ணுக்குத் தெரியும். நாலு நாள் கழித்துப் படித்தால் ஒரே பார்வையில் துருத்திக்கொண்டு நிற்கும். நீங்கள் "அந்நியமாகிவிடும்" என்று பயப்படுகிறீர்களே, திருத்துகிறவருக்கு வேண்டியது அந்த அந்நியம்தான்.

ஏரிக்கரை தம்பி, எழுதும் அமர்வுக்கும் ஒன்று சொல்கிறேன். அட்டைக்கட்டு மட்டும் மேசையில் இருக்கட்டும். இணையம் வேண்டாம். எழுதும்போது ஒரு பெயரோ அளவோ தெரியாமல் நின்றால் அங்கே @@ என்று போட்டுவிட்டு மேலே போங்கள். "கலிங்கின் நீளம் @@ அடி" என்று இருக்கட்டும். தமிழ் எழுத்தில் அந்தக் குறி வேறு எங்கும் வராது, திருத்தும் நாளில் தேடினால் எல்லா ஓட்டையும் வரிசையாகக் கிடைக்கும். ஒரு அளவைத் தேடப் போனால் அரை மணி நேரம் போவதோடு வாக்கியத்தின் ஓட்டமும் போய்விடும். பதிவு ஒன்றில் ஐந்தாறு @@ வந்தால் பரவாயில்லை. இருபது வந்தால் தேடல் போதவில்லை, நிறுத்திவிடுங்கள்.

ஒரு நாளில் இரண்டு பதிவுக்கு மேல் எழுத வேண்டாம். மூன்றாவது எழுதும்போது முதலாவதின் சொற்களே திரும்ப வரும்.

திருத்தும் நாளில் எல்லாப் பதிவையும் தாளில் அச்செடுத்து வரிசையாகப் பரப்புங்கள். மொத்தமாக எழுதியவற்றை மொத்தமாகப் பார்த்தால்தான் தெரியும் பிழை ஒன்று உண்டு. எங்கள் இதழில் ஒருவர் ஆறு வாரத் தொடரை ஒரே மூச்சில் எழுதித் தந்தார். ஆறும் "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பித்தன. தனித்தனியாகப் படித்தபோது யாருக்கும் தெரியவில்லை. நாலு பதிவின் முதல் வரிகளை மட்டும், பிறகு கடைசி வரிகளை மட்டும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

அப்புறம் அட்டையை வைத்துக்கொண்டு பெயர், வருடம், எண் மட்டும் ஒரு தடவை. வாய்விட்டு ஒரு தடவை. ஒற்று, ர/ற, ந/ன/ண பார்க்கக் கடைசியாக ஒரு தடவை. மூன்றையும் ஒரே வாசிப்பில் செய்தால் ஒன்றுதான் நடக்கும்.

மௌனவாசகர் · செவ்வாய், இரவு 7.55

நான் பன்னிரண்டு வருடமாக எங்கள் ஊர்க்கதைகளை எழுதுகிறேன். ஒரு வருடம் இந்த முறையில் எழுதிப் பார்த்தேன், விட்டுவிட்டேன். ஒழுங்கு வந்தது, உயிர் போனது. நீர்க்கட்டியிடம் பேசியதாகச் சொல்கிறீர்கள். அவர் மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டு "அந்த மதகுல தண்ணி தெறந்தா கடைமடைக்குப் போக விடிஞ்சுடும்" என்று சொன்ன விதம் அன்று இரவு காதில் இருக்கும். இரண்டு வாரம் கழித்து அட்டையில் "கடைமடைக்குத் தண்ணீர் போக இரவு முழுவதும் ஆகும்" என்று மட்டும்தான் இருக்கும். அந்த அட்டையில் இருந்து நல்ல கட்டுரை வரலாம். அவர் வர மாட்டார்.

கல்வெட்டுக்கு இந்த முறை சரி. மனிதர்களுக்கு ஆகாது.

திருத்துமேசை · செவ்வாய், இரவு 9.15

அய்யா, நீங்கள் சொல்வது நியாயம். நான் புத்தகத்தை மனதில் வைத்துச் சொல்லிவிட்டேன். செவிவழிச் செய்திக்கு அட்டை போதாது. எங்கள் நிருபர்கள் பேட்டி முடிந்து பேருந்தில் வரும்போதே நோட்டை விரித்து எழுதிவிடுவார்கள். பேச்சு, கை அசைவு, பக்கத்தில் இருந்த பொருள், எல்லாம் அன்றிரவுக்குள். அது கட்டுரை ஆகாது, ஆனால் அட்டையும் ஆகாது. தம்பி, நீர்க்கட்டியைப் பார்க்கிற சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள், எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். கட்டுரையாக்குவதைப் பிறகு பார்க்கலாம்.

மௌனவாசகர் · செவ்வாய், இரவு 9.40

விரித்து எழுதினால் கொஞ்சம் மிஞ்சும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான் அன்றிரவே பதிவாகவே எழுதிவிடுவேன். என் அனுபவத்தில் அந்தச் சூடு ஒரு இரவுதான்.

வடுமாங்காய் · புதன், காலை 11.30

இப்போது புரிந்தது தம்பி. எனக்கும் இதே கதைதான், ஆனால் தலைகீழ். என் தேடல் என்பது சமைப்பது. மாவடு பங்குனி, சித்திரையில் மட்டும்தான் கிடைக்கும். ஊறி, சுருங்கி, அந்த வடுத்தண்ணீர் விடுவதைப் படம் எடுத்து முடிப்பதற்குள் சந்தையில் வடு முடிந்துவிடும். அப்போது பதிவு போட்டால் படிக்கிறவர்கள் வாங்கப் போகும்போது கொட்டை வைத்த காய்தான் இருக்கும். அதனால் இந்த வருடம் போட்டு எடுத்த படத்தையும் அளவையும் வைத்து எழுதி, அடுத்த வருடம் மாசிக் கடைசிக்கு நேரம் குறித்துவிடுகிறேன். பதினொரு மாதம் தூங்கும்.

அதில் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். "இன்று காலை சந்தையில் கிலோ இவ்வளவு" என்று எழுதியிருந்தேன். பதிவு வந்தபோது விலை எங்கேயோ இருந்தது. ஒரு வாசகி எந்தச் சந்தை என்று கேட்டு, அந்த விலைக்கு வாங்கலாம் என்று போய் ஏமாந்து வந்திருக்கிறார். எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. இப்போது விலையை எழுதுவதே இல்லை.

ஏரிக்கரை · புதன், இரவு 10.05

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் பகீர் என்றது. போன செப்டம்பரில் ஒரு ஏரிக்குப் போய் "ஏரி வறண்டு கிடக்கிறது, மாடுகள் நடுவில் மேய்கின்றன" என்று எழுதி நவம்பர் நடுவில் வருமாறு குறித்திருந்தேன். பதிவு வந்த வெள்ளிக்கு முன்தினம் கலிங்கு வழிந்து ஓடியிருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர் படம் எடுத்துப் பின்னூட்டத்தில் போட்டார். எழுதியபோது நான் பொய் சொல்லவில்லை, ஆனால் வெளிவந்தபோது அது பொய்யாகிவிட்டது.

திருத்துமேசை · வியாழன், காலை 9.50

மொத்தமாக எழுதுகிறவருக்கு வருகிற பிழை இது. வாராவாரம் எழுதினால் வராது. நேரம் குறிப்பதற்கு முன் "இப்போது", "இன்று", "இந்த வாரம்", "சமீபத்தில்", "கிடக்கிறது", "ஓடுகிறது" போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லும் வாக்கியத்தில் தேதி இருக்கட்டும்: "செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை நான் போனபோது ஏரி வறண்டு கிடந்தது." இந்த வாக்கியம் எந்த மாதத்தில் வெளிவந்தாலும் உண்மை. கூடவே வியாழன் இரவு, மறுநாள் வரப்போகிற பதிவை ஐந்து நிமிடம் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அச்சில் நாங்கள் ஒன்று செய்வோம். கதை, தொடர், துணுக்கு இருக்கும் ஃபார்ம்களை, அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களை, முதலில் ஓட்டிவிடுவோம். செய்தி இருக்கும் ஃபார்ம் கடைசி இரவு வரை திறந்திருக்கும். நீங்களும் நாலு வாரத்தில் மூன்றை மட்டும் முன்கூட்டி எழுதி, ஒரு வெள்ளியைக் காலியாக விடுங்கள். மழை வந்தால், கரை உடைந்தால், மௌனவாசகர் சொல்வது போல ஒருவர் மனதை விட்டுப் போகாமல் இருந்தால், அதற்கு அந்த வெள்ளி. ஒன்றுமே இல்லையென்றால் அன்று பதிவு வேண்டாம்.

ஏரிக்கரை · ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.30

ஒரு சுற்று முடித்துவிட்டு வந்திருக்கிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

இரண்டாவது சனி காலை ஏரிக்குப் போனேன், நீர்க்கட்டிப் பெரியவரோடு இரண்டு மணி நேரம். மதியம் நூலகம். மாலை கடைசி அரை மணியில் கட்டு பிரித்தேன். நாலு பதிவு நினைத்திருந்தேன். குமிழித்தூம்புப் பதிவுக்கு அந்தக் கேள்வி வரியை எழுத முடியவில்லை. எனக்குத் தெரிந்தது தூம்பின் பாகங்கள் மட்டும்தான், எதைப் பற்றிக் கேட்கிறேன் என்பது தெரியவில்லை. எடுத்து வைத்துவிட்டேன். அன்றிரவு பெரியவர் பேச்சை விரித்து எழுதினேன், பதினோரு பக்கம் வந்தது.

அடுத்த ஞாயிறு காலை பெரியவர் பதிவு. நான்காவது சனி ஏரி வாரியமும் கலிங்கும். வாரியப் பதிவை வயது வரம்பு மாறியதில் இருந்தே ஆரம்பித்தேன். முன்பு எழுதியதன் முதல் வரி "சோழர் காலத்தில் ஏரிகளைப் பராமரிக்கச் சிறப்பான அமைப்பு இருந்தது" என்று இருந்தது. இப்போது இப்படி: "919-இல் உத்திரமேரூர்ச் சபை, முப்பது வயது தாண்டியவரை வாரியத்துக்கு அனுப்பலாம் என்று கல்லில் வெட்டியது. இரண்டே வருடத்தில் அந்த வரம்பை முப்பத்தைந்துக்கு உயர்த்தி மறுபடி வெட்டியது." ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம், 360 நாள் பதவி என்பதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வந்து உட்கார்ந்தன. @@ மூன்றில் மொத்தம் ஒன்பது.

புதன், வியாழன் இரவு திருத்தம். முதல் வரிகளை அடுத்தடுத்துப் படித்தபோது ஒன்றும் சிக்கவில்லை, கடைசி வரிகளில் சிக்கியது. மூன்றுமே "இன்றைக்கு அந்த ஏரி..." என்று முடிந்திருந்தன. மூன்றையும் அடித்துவிட்டேன், பதிவுகள் அதற்கு முந்தின வாக்கியத்திலேயே நன்றாக நிற்கின்றன. ஞாயிறு முக்கால் மணியில் நேரம் குறித்தேன். கோவை_சர்வர் சொன்னபடி இரண்டு வரியும் போட்டேன். இரண்டு வெள்ளியும் 7.10-க்குள் வந்துவிட்டது.

மொத்தக் கணக்கு, ஏரிக்குப் போய்வந்த நேரத்தைச் சேர்க்காமல், மூன்று பதிவுக்குப் பதினைந்து மணி நேரம். முன்பு மூன்றுக்குப் பதினெட்டு ஆகும். பெரிய மிச்சம் இல்லை, ஆனால் இரண்டு ஞாயிறு முழுதாக வீட்டுக்குக் கிடைத்தது.

ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தீரவில்லை. பெரியவர் பதிவை எட்டு நாள் கழித்து எழுதினேன். மூன்றில் இதுவரை வந்த இரண்டைப் பற்றித்தான் சொல்ல முடிகிறது, அதில் வாசகர்கள் அதிகம் பேசியது வாரியத்தைப் பற்றித்தான். பெரியவர் பதிவு எனக்கே கொஞ்சம் தட்டையாகத் தெரிகிறது. விரித்து எழுதிய பதினோரு பக்கத்தை மறுபடி படித்தால் அது இதைவிட நன்றாக இருக்கிறது.

மௌனவாசகர் · ஞாயிறு, இரவு 8.10

அந்தப் பதினோரு பக்கத்தையே போட்டுவிடுங்கள்.

திருத்துமேசை · ஞாயிறு, இரவு 8.55

முழுக்கப் போட வேண்டாம் தம்பி. அந்தப் பக்கங்களில் எங்கே பெரியவர் தானாகப் பேசுகிறாரோ அதை மட்டும் பென்சிலால் கட்டம் போடுங்கள். எத்தனை கட்டம் வருகிறது என்று சொல்லுங்கள். நான்காவது வெள்ளி இன்னும் காலியாகத்தானே இருக்கிறது?

ஏரிக்கரை · ஞாயிறு, இரவு 9.05

காலியாகத்தான் இருக்கிறது அம்மா. இன்றிரவே பென்சிலோடு உட்காருகிறேன்.